இருபத்தைந்து பதிவுகளும் ஒரு விடுமுறையும்

நான் வேலை பார்த்த நிறுவனத்திற்கு ஃபேஸ்புக்கில் ஐந்து பக்கங்கள் இருந்தன. ஒன்று தலைமைப் பக்கம், மூன்று கிளைகளுடையவை, இன்னொன்று பழுதுபார்ப்புப் பிரிவுக்கென்று தனியாகத் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கிளைகளையும் சேர்த்து மூடும் நீண்ட விடுமுறை வரும். அதை வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் வேலை என்னுடையது. அந்த ஆண்டு 12-ஆம் தேதி வியாழக்கிழமை மூடி, 16-ஆம் தேதி திங்கட்கிழமை திறப்பதாக முடிவாகியிருந்தது. ஒவ்வொரு பக்கத்திற்கும் ஐந்து பதிவுகள் என்று திட்டமிட்டேன்: 2-ஆம் தேதி முதல் அறிவிப்பு, 7-ஆம் தேதி ஒரு நினைவூட்டல், ஆர்டர் ஏற்கும் கடைசி நாளான 9-ஆம் தேதி காலையில் இன்னொன்று, மூடுவதற்கு முந்தைய நாள் மாலையில் ஒன்று, திறக்கும் நாள் காலையில் ஒன்று. மொத்தம் இருபத்தைந்து பதிவுகள். அனைத்தையும் ஒரே பிற்பகலில் ஷெட்யூல் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக வீட்டிற்குப் போனேன்.

5-ஆம் தேதி மேலாளர் என் மேசைக்கு வந்தார். "சரக்கிருப்புக் கணக்கெடுப்புக்காக 16-ஆம் தேதியும் மூடுகிறோம். 17-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைதான் திறப்பு. பதிவுகளில் தேதியை மட்டும் மாற்றிவிடுங்கள்" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது.

வெளியாகாமல் காத்திருந்த இருபது பதிவுகளை மாற்றுவது அலுப்பான வேலையே தவிரக் கடினமானதன்று. ஆனால் முதல் அறிவிப்பு ஐந்து பக்கங்களிலும் ஏற்கெனவே வெளியாகியிருந்தது. விடுமுறைத் தேதிகளைப் பெரிய எழுத்தில் படத்திலேயே பதித்திருந்தோம். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. வெளியான பதிவின் எழுத்தைத் திருத்தலாம். ஆனால் எங்கள் பதிவில் படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைக்க முடியவில்லை. மேலே எழுத்தில் 17 என்று திருத்தினேன், கீழே படத்தில் 16 என்று நின்றது. இப்படி முரண்படும்போது மக்கள் நம்புவது படத்தைத்தான், ஏனென்றால் பலர் எழுத்தைப் படிப்பதே இல்லை. பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றால், தலைமைப் பக்கத்தின் அறிவிப்பைப் பலர் பகிர்ந்திருந்தார்கள். மூலப் பதிவை நீக்கினால் அவர்களுடைய பகிர்வில் உள்ளடக்கம் கிடைக்கவில்லை என்ற வெற்றுப் பெட்டிதான் தெரியும், புதிய பதிவு அவர்களைத் தேடிப் போகாது. கடைசியில் நான்கு பக்கங்களில் நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். தலைமைப் பக்கத்தில் மட்டும் பழையதை விட்டுவைத்து, 'படத்தில் உள்ள திறக்கும் தேதி மாறியுள்ளது, 17-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை திறக்கிறோம்' என்பதை முதல் வரியாக்கினேன். அது அரைகுறைத் தீர்வு என்பது அப்போதே எனக்குத் தெரியும். அதன் பிறகு எந்தத் தேதியையும் படத்தில் பதித்ததில்லை. படத்தில் 'விடுமுறை அறிவிப்பு' என்று மட்டும் இருக்கும். மாறக்கூடிய அனைத்தும் எழுத்தில் இருக்கும்.

இருபது பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தியபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. 7-ஆம் தேதிப் பதிவில் 'இன்னும் ஐந்து நாள்களே உள்ளன' என்றும், 11-ஆம் தேதிப் பதிவில் 'நாளை முதல் விடுமுறை' என்றும் எழுதியிருந்தேன். எழுதும்போது இயல்பாகத் தோன்றிய சொற்கள்தாம். ஆனால் இந்தப் பதிவுகள் வெளியான வரிசையில்தான் ஒருவர் கண்ணில் படும் என்பதற்கு உறுதி இல்லை. 11-ஆம் தேதி மாலையில் வெளியாகும் 'நாளை' என்ற பதிவை ஒருவர் 13-ஆம் தேதி பார்த்தால், அவருக்கு நாளை என்பது 14. பதிவு எப்போது வெளியானது என்பதைச் சிறிய எழுத்தில் காட்டும் வரியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆகவே 'நாளை', 'இன்று', 'இந்த வாரம்' போன்றவற்றையெல்லாம் எடுத்துவிட்டுக் கிழமையும் தேதியும் சேர்த்து எழுதினேன். கிழமையைச் சேர்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு: தேதியைத் தவறாக அடித்துவிட்டால், கிழமையோடு பொருந்தாமல் அது தன்னையே காட்டிக்கொடுத்துவிடும்.

சொல்ல வேண்டிய செய்தியின் வரிசையையும் அப்போதுதான் மாற்றினேன். வாழ்த்தில் தொடங்கி, காரணம் சொல்லி, மூடும் நாள்களை அடுக்கி, ஆர்டருக்கான கடைசி நேரத்தை இறுதி வரியில் வைத்திருந்தேன். இன்பாக்ஸில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இறுதி வரியைப் பற்றியவை: "திங்கட்கிழமை மதியம் கொடுத்தால் விடுமுறைக்கு முன் கிடைத்துவிடுமா?" நீண்ட பதிவில் முதல் சில வரிகளுக்குப் பிறகு எஞ்சியது 'மேலும் காண்க' என்பதற்குள் மறைந்துவிடுவதால், அவர்கள் அதைப் படிக்காமல் கேட்டதில் தவறில்லை. திருத்திய பதிவு இப்படித் தொடங்கியது: '9-ஆம் தேதி திங்கட்கிழமை பிற்பகல் 3 மணி வரை கொடுக்கும் ஆர்டர்கள் மட்டுமே விடுமுறைக்கு முன் அனுப்பப்படும். 12 வியாழன் முதல் 16 திங்கள் வரை விடுமுறை. 17 செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குத் திறக்கிறோம்.' வாழ்த்து அதற்குப் பிறகு வந்தது. இதில் மரியாதைக் குறைவு இருப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். 16-ஆம் தேதி, விடுமுறையின் கடைசி நாள், காலை எட்டே முக்காலுக்கு என் தொலைபேசி அதிர்ந்தது. ஒரு கிளையின் பக்கத்தில் 'மீண்டும் திறந்துவிட்டோம், வாருங்கள்' என்ற பதிவு எட்டு மணிக்கே வெளியாகியிருந்தது. அதன் கீழே ஒரு வாடிக்கையாளர், இழுத்து மூடிய ஷட்டரையும் அதில் தொங்கும் பூட்டையும் படமெடுத்துப் போட்டு, "எந்தக் கதவு வழியாக வர வேண்டும்?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு என்னால் கோபப்பட முடியவில்லை, நியாயமாகத்தான் கேட்டிருந்தார்.

காரணத்தைத் தேடியபோது விஷயம் எளிதாகப் புரிந்தது. அந்தக் கிளையின் சக ஊழியர், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், உதவியாக இருக்கட்டும் என்று வேறொரு ஷெட்யூலிங் கருவியில் திறப்புப் பதிவு ஒன்றைத் தனியாகப் போட்டுவைத்திருந்தார். அத்தகைய கருவிகளில் பல, பதிவைத் தம்மிடமே வைத்துக்கொண்டு குறித்த நேரத்தில்தான் ஃபேஸ்புக்கிற்கு அனுப்புகின்றன. ஆகவே நான் பார்த்த ஷெட்யூல் பட்டியலில் அது இல்லவே இல்லை. நான் இருபதையும் எண்ணிப் பார்த்தேன், இருபதும் சரியாக இருந்தன, வந்தது இருபத்தொன்றாவது. பதிவை உடனே நீக்கினேன், அந்த வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதினேன். அவர் அதற்குப் பதில் எழுதியதும் அவருக்கு முதலில் போய்ச் சேர்ந்தது என் பதில் அல்ல, விடுமுறைக்கால தானியங்கிப் பதில். அதிலும் '16-ஆம் தேதி திறக்கிறோம்' என்றே இருந்தது. பதிவுகளை மாற்றிய நான், இன்பாக்ஸின் தானியங்கிப் பதிலை மறந்துபோயிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு விரிதாள் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரிசையும் தேதி எழுதப்பட்டிருக்கும் ஓர் இடம்: பதிவுகள் மட்டுமல்ல, மேலே பின் செய்த பதிவு, பக்கத்தின் வேலை நேரம், தானியங்கிப் பதில், கிளைக் கதவில் ஒட்டிய தாள் உட்பட. எந்தக் கருவியில், யார் போட்டார் என்பதற்கு ஒரு நிரல் உண்டு. அந்த நிரல் காலியாக இருக்கும் வரிசையை முடிந்ததாகக் கொள்வதில்லை.

திறப்புப் பதிவை மட்டும் இப்போது நான் ஷெட்யூல் செய்வதே இல்லை. டிராஃப்டாக வைத்துவிடுகிறேன், கிளையில் காலையில் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போடுகிறவர்தான் அதை வெளியிடுகிறார். சில நாள்களில் அது ஒன்பதே காலுக்கு வருகிறது.