வதரியை நோக்கி மெதுவாக ஒரு யாத்திரை

வடநாட்டுத் திவ்யதேசங்களைச் சேவிக்க வேண்டும் என்பது என் மாமியார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் இருந்துவந்த பிரார்த்தனை. என் கணவரும் ஓய்வுபெற்ற பிறகு, மூன்று மாதம் ஒதுக்கி அதை நிறைவேற்ற முடிவு செய்தோம். தள்ளாமை வந்து கோல் ஊன்றுவதற்கு முன்பே வதரியை, அதாவது பத்ரிநாத்தை, வணங்குவோம் என்று திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். எங்களுக்கோ முழங்கால் ஏற்கெனவே எச்சரித்துவிட்டது.

திட்டம் முழுவதும் பத்ரியைச் சுற்றியே அமைந்தது. ஜூலை, ஆகஸ்டு மழையில் அந்த மலைப்பாதை சரிந்துகொண்டேயிருக்கும். தீபாவளிக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். ஆகையால் செப்டம்பர் கடைசியில் மலை ஏறுவது, அதற்கு முன் அயோத்தியும் நைமிசாரண்யமும், இறங்கிய பின் மதுரா, கோகுலம், துவாரகை என்று வைத்துக்கொண்டோம். ரயிலில் 60 நாள்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது என்பதால், திரும்பும் பயணத்துக்குப் புறப்படும்போதே சீட்டு எடுக்க வழியில்லை. முதலில் அது கவலையாக இருந்தது. பிறகு அதுவே வசதியானது. மலையில் எத்தனை நாள் ஆனாலும் ரத்து செய்ய எதுவும் இல்லை. மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஒரே சீட்டில் இருவர் வரை கிடைப்பதும் எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவி.

மருத்துவரிடம் இரண்டு மாதம் முன்னதாகவே போனோம். புறப்படும் வாரத்தில் இரத்த அழுத்த மாத்திரையை மாற்றினால், அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது வழியில்தான் தெரியவரும். என் கணவருடைய மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருந்தது. அது நிலைப்பட்டதை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பினோம். மருந்துகளை இரண்டு பைகளில் பிரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டை வைத்தோம். வணிகப்பெயர் ஊருக்கு ஊர் மாறும்.

மலையில் கவனிக்க வேண்டியது உறங்கும் உயரம். பத்ரிக்குப் போகும் வழியிலுள்ள ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர், பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர். இந்த ஏற்றத்தை வண்டி சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறது, உடம்பு அவ்வளவு விரைவாகப் பழகுவதில்லை. ஓய்வு நாள்களுக்கு எம்பெருமானே இடம் வைத்திருக்கிறான். தேவப்பிரயாகையில் கண்டமென்னும் கடிநகர், ஜோஷிமட்டில் திருப்பிரிதி என வழியிலேயே இரண்டு திவ்யதேசங்கள். பெரியாழ்வார் பாடிய கடிநகரில் ரகுநாதரைச் சேவித்துத் தங்கினோம். ஜோஷிமட்டில் இரண்டு இரவு இருந்து நரசிம்மரை நிதானமாகச் சேவித்தோம்.

பத்ரியில் ஓரிரவு தங்கி விடியற்காலைச் சேவை பெற வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இரவில் அந்தப் பாதையில் வண்டி ஓட அனுமதி இல்லை. தலைவலியும் குமட்டலும் இரவில் வந்தால் இறங்க முடியாது. ஆகவே காலையில் ஏறுவது, மாலை மூன்று மணிக்குள் இருவர் உடல்நிலையையும் பார்த்து முடிவெடுப்பது, அதுவரை ஜோஷிமட் அறையைக் காலி செய்யாமல் வைத்திருப்பது என்று தீர்மானித்தோம். ஓர் இரவுக்கு இரண்டு வாடகை வீண் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அந்த வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மூன்று மணிக்கு எனக்கு இலேசான தலைவலி மட்டும். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனை 89 என்று காட்டியது. அந்த உயரத்தில் 90-ஐ ஒட்டி இருப்பது இயல்பு, எண்ணைவிட உடம்பு சொல்வதையே கேளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பசி இருந்தது, குமட்டல் இல்லை, நேர்க்கோட்டில் தள்ளாடாமல் நடக்க முடிந்தது, தங்கிவிட்டோம். கோயிலருகே உள்ள வெந்நீர் ஊற்றான தப்தகுண்டத்தில் நெடுநேரம் அமர வேண்டாம் என்பதில் மருத்துவர் கண்டிப்பாக இருந்தார். வெந்நீர் இரத்தக் குழாய்களை விரித்துவிடும். அழுத்த மாத்திரை உண்பவர் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். ஆகையால் சொம்பில் மொண்டு குளித்தோம்.

விடியற்காலை வரிசையில் தள்ளுமுள்ளுக்குக் குறைவில்லை. சிறப்புச் சேவை என்று கூறிக் கைப்பிடித்து இழுத்தவர்களை விலக்கி வருவதற்குள் பாதி மூச்சு போய்விட்டது. உள்ளே, அலங்காரமில்லாத திருமேனி. கருஞ்சாளக்கிராமத்தில் பத்மாசனமாக அமர்ந்து தவம் செய்யும் பத்ரிநாராயணன். கேட்பதற்கென்று எழுதி வைத்திருந்த பெயர்கள் அத்தனையும் மறந்துபோயின. மாமியாரின் பெயர் மட்டும் வாயில் வந்தது. கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள், அதுவும் அவன் திருவுள்ளம். அந்த முழங்காலோடும் அந்த மாத்திரைகளோடும் எங்களை அங்கே நிறுத்தியவனுக்கு என்ன கைம்மாறு செய்வோம்!

அன்று முற்பகலே ஜோஷிமட்டுக்கு இறங்கிவிட்டோம். ரிஷிகேசத்தில் இரண்டு நாள் படுத்து எழுந்து, இரத்தத்தில் உப்புச் சத்தும் சர்க்கரையும் பார்த்த பிறகே துவாரகைக்குச் சீட்டு எடுத்தோம்.