காலாண்டுத் தேர்வு மீளாய்வுக் கூட்டம்: கூட்டப்பொருளை வரிசைப்படுத்திய அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உதவித் தலைமையாசிரியராக இருக்கும் எனக்கு, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தவுடன் நடக்கும் தேர்ச்சி மீளாய்வுக் கூட்டத்திற்குக் கூட்டப்பொருள் தயாரிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. எங்கள் பள்ளியில் இக்கூட்டத்திற்கு ஒரு பழைய நடைமுறை உண்டு. தலைமையாசிரியர் பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வாசிப்பார், குறைந்த விழுக்காடு பெற்ற பாடத்தின் ஆசிரியர் எழுந்து காரணம் சொல்வார், பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை, வீட்டில் பீடி சுற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள் என்ற பதில் பதிவேட்டில் ஏறும், கூட்டம் முடியும். சொல்லப்படும் காரணம் பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டபின் மறுநாள் வகுப்பில் எதை மாற்றுவது என்பது யாருக்கும் தெரியாது.

வரிசையை மாற்றும் முன் எண்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பில் பெயர்ப் பதிவேட்டின்படி 66 பேர். கணிதத் தேர்வு எழுதியவர்கள் 62 பேர். 35 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர்கள் 39 பேர். எழுதியவர்களை வைத்துக் கணக்கிட்டால் தேர்ச்சி ஏறத்தாழ 63 விழுக்காடு, பதிவேட்டில் உள்ளவர்களை வைத்துக் கணக்கிட்டால் 59. ஒரு பாட ஆசிரியர் முதல் முறையிலும் மற்றொருவர் இரண்டாம் முறையிலும் கணக்கிட்டுக் கொடுத்திருந்ததால், இரு பாடங்களை ஒப்பிட்டுப் பேசுவதற்கே இடமில்லாமல் இருந்தது. எனவே தேர்வு எழுதியவர்களையே அடிப்படையாகக் கொள்வது, வராதவர்களின் பட்டியலை வகுப்பாசிரியர் தனியே தருவது என்று முடிவு செய்து, எல்லாப் பாடங்களின் எண்களையும் ஒரே தாளில் எழுதி, சுற்றறிக்கையோடு இணைத்துக் கூட்டத்திற்கு முந்தைய நாளே அனைவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். விழுக்காட்டை ஏற்கெனவே அனைவரும் பார்த்துவிட்டதால், கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

நேரம்தான் அடுத்த சிக்கல். பாபநாசம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸை விட்டால் மூன்று ஆசிரியைகளுக்கு அடுத்த பஸ் வெகுநேரம் கழித்தே என்பதால், 3 மணிக்குத் தொடங்கி 4.15க்கு முடித்தாக வேண்டும். இந்த 75 நிமிடத்தில் எல்லாப் பாடங்களையும் ஆராய முயன்றால் ஒன்றும் நடக்காது என்று தோன்றியதால், கணிதம் என்ற ஒரு பாடத்தின் ஒரே ஒரு வினாவிற்கு 25 நிமிடம் ஒதுக்கினேன். முதல் 5 நிமிடம் சென்ற கூட்டத் தீர்மானங்களில் நிறைவேறியவை எவை என்பதற்கு, அடுத்த 10 நிமிடம் எண்கள் குறித்த ஐயங்களுக்கு, பிறகு அந்த 25 நிமிடம், அதன்பின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ், ஆங்கில வாசிப்பிற்கு 15, தீர்மானங்களை எழுதுவதற்கு 10, பிற பொருள்களுக்குக் கடைசி 10 என்று பிரித்தேன். நலத்திட்டப் பொருள் வழங்கல், விடுப்பு விண்ணப்பம் போன்றவை முன்னே வந்தால் கூட்டத்தையே விழுங்கிவிடும் என்பது எல்லாப் பள்ளியிலும் கண்ட உண்மை.

தலைமையாசிரியரிடம் ஒரு கோரிக்கையும் வைத்தேன். "ஐயா, நீங்க முதல்ல பேசிட்டா மத்தவங்க அதுக்குப் பதில்தான் சொல்லுவாங்க, கடைசியா நீங்க முடிச்சு வையுங்க" என்றேன். சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அறிவியல் ஆசிரியர்தான், "கணக்கை மட்டும் எதுக்கு சார் மேசையில வைக்கீங்க?" என்று கேட்டார். அடுத்த மீளாய்வில் அறிவியலை எடுப்பது என்று அவர் முன்னிலையிலேயே எழுதி வைத்தேன். கணித ஆசிரியை இந்த ஏற்பாட்டிற்கு முன்கூட்டியே இசைந்திருந்தார். அவர் இசையாவிட்டால் இதைச் செய்திருக்க மாட்டேன்.

எடுத்துக்கொண்ட வினா, செய்முறை வடிவியலில் வடிவொத்த முக்கோணம் வரைதல். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கு 8 மதிப்பெண். தேர்ச்சி பெறாத 23 பேரில் 11 பேர் 25 முதல் 34 வரை பெற்றவர்கள். அவர்களுடைய விடைத்தாள்களை மட்டும் பிரித்து மேசையில் பரப்பி, கணிதம் கற்பிக்காத ஆசிரியர்களிடமும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். கேட்ட கேள்வி எளியது: இந்தப் பிள்ளை இந்த வினாவைத் தொடவே இல்லையா, தொடங்கி நின்றுவிட்டதா, முடித்துவிட்டதா? கணிதம் தெரியாதவர்கூட இதைப் பார்த்துச் சொல்ல முடியும். தொடாதவர் 3 பேர், முடித்தவர் 3 பேர், தொடங்கி இடையில் நின்றவரோ தவறாக முடித்தவரோ 5 பேர் என்று வந்தது.

இந்த 5 தாள்களில்தான் விஷயம் இருந்தது. கொடுக்கப்பட்ட முக்கோணத்தை ஐவரும் சரியாக வரைந்திருந்தனர். அடிப்பக்கத்திற்குக் கீழே குறுங்கோணத்தில் ஒரு கதிர் வரைந்து, காம்பஸால் சம அளவில் ஏழு புள்ளிகளையும் வெட்டியிருந்தனர். அளவு காரணி 7/3 என்பதால், மூன்றாம் புள்ளியை அடிப்பக்கத்தின் மறுமுனையோடு இணைத்து, அந்தக் கோட்டுக்கு இணையாக ஏழாம் புள்ளியிலிருந்து வரையும் கோடு, நீட்டப்பட்ட அடிப்பக்கத்தைச் சந்திக்க வேண்டும். ஆனால் மூவர் ஏழாம் புள்ளியை முனையோடு இணைத்து, மூன்றாம் புள்ளி வழியே இணைகோடு வரைந்து, பெரிதாக வர வேண்டிய முக்கோணத்தைச் சிறிதாக்கியிருந்தனர். இருவர் எதை இணைப்பது என்று தெரியாமல் அங்கேயே நிறுத்தியிருந்தனர். வகுப்பில் 3/5 போன்ற ஒன்றுக்குக் குறைவான காரணிகளை மிகுதியாகப் பயிற்சி செய்ததால், எப்போதும் கடைசிப் புள்ளியை இணைப்பதே முறை என்று பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள் என்று ஆசிரியையே சொன்னார். யாரும் அவரைக் கேட்டு அவர் விளக்கம் சொல்லவில்லை; தாளைக் கையில் வைத்திருந்த அனைவரும் ஒரே இடத்தில் விரலை வைத்தபோது அவர் அதைச் சொன்னார்.

தொடாத மூவரின் நிலை வேறு. அவர்களில் இருவர் அதற்கு முந்தைய ஐந்து மதிப்பெண் வினாக்களையும் பாதியில் விட்டிருந்தனர்; அவர்களுக்கு நேரம் போதவில்லை. மூன்றாமவர் மற்ற பகுதிகளை முழுமையாக எழுதியிருந்தும் இதை மட்டும் விட்டிருந்தார். அன்று அறைக் கண்காணிப்பாளராக இருந்த ஆசிரியர், அந்தப் பிள்ளையிடம் காம்பஸ் இல்லை என்பதை நினைவுகூர்ந்தார். வெற்றிடம் ஒன்றே என்றாலும், வெவ்வேறு காரணங்கள் அதன் பின்னால் இருக்கக்கூடும் என்பது விடைத்தாளைப் பார்க்காமல் தெரிவதில்லை. மதிப்பெண் பட்டியலில் மூவருக்கும் ஒரே பூச்சியம்தான்.

வாசிப்பு குறித்த 15 நிமிடம் விரைவாகவே போயிற்று. அதற்குத் தனிக் கூட்டம் தேவை என்பதே முடிவு. தீர்மானங்களை எழுதும்போது "மெல்லக் கற்போருக்குச் சிறப்புக் கவனம் செலுத்தப்படும்" என்ற வழக்கமான வரியை விட்டுவிட்டு, யார், எந்தப் பிள்ளைகளுக்கு, எதை, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் இல்லாத தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒன்றைவிடப் பெரிய அளவு காரணிக்கு இரண்டு பாடவேளை, தவறிய எட்டுப் பேருக்கும் அதே வகையில் ஒரு வினாவைக் கொண்டு மறுசோதனை, பள்ளியில் பொதுவாக ஐந்து காம்பஸ் வாங்கி வைத்தல் ஆகியவை எழுதப்பட்டன. வடகிழக்குப் பருவமழை விடுமுறை எத்தனை நாளை எடுத்துக்கொள்ளும் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது என்பதால், கடைசித் தேதியைத் தீபாவளிக்கு முன்பாகவே குறித்தோம். கூட்ட நேரத்தில் மாணவர்களைப் பார்த்துக்கொண்ட உடற்கல்வி ஆசிரியருக்கும் பகுதிநேர ஆசிரியர்களுக்கும் மறுநாள் பதிவைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

மறுசோதனையில் எட்டுப் பேரில் ஆறு பேர் 7/3க்குச் சரியாக வரைந்தனர். மீதி இருவர் அந்த இரண்டு பாடவேளைகளுக்கும் வரவில்லை. அவர்களுடைய பெயர்கள் கணித ஆசிரியையின் பொறுப்பிலிருந்து வகுப்பாசிரியரின் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, அடுத்த கூட்டப்பொருளின் முதல் 5 நிமிடத்தில் இடம்பெற்றுள்ளன.