11-இன் அடுக்குகளும் பாஸ்கல் முக்கோணமும்: ஐந்தாம் வரிசையில் வரும் சறுக்கல்

பாஸ்கல் முக்கோணத்தைக் கையால் போடத் தெரிந்தால் 11-இன் அடுக்குகளைப் பெருக்காமலே எடுத்துவிடலாம். நான்காம் வரிசை வரை சிக்கலே இல்லை. 1, 11, 121, 1331, 14641 என்று எண்களை ஒட்டிப் படித்தால் போதும். ஐந்தாவதில்தான் வழுக்கும். 1 5 10 10 5 1 என்ற வரிசையைப் பழைய பழக்கத்தில் ஒட்டி எழுதினால் 15101051 வரும், அதாவது ஒன்றரைக் கோடி. 14641-ஐ 11-ஆல் பெருக்கினால் ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் போகுமுன் வரிசை எண்ணைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உச்சியில் தனியாக நிற்கும் 1-க்கு எண் 0. அதை 1 என்று எண்ணத் தொடங்கினால் எல்லா அடுக்கும் ஒன்று தள்ளிப்போகும். எண்ணிப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் வரிசையின் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். அங்கே 5 இருந்தால் அது ஐந்தாம் வரிசை.

புதிய வரிசையை எல்லோரும் ‘மேலே உள்ள இரண்டையும் கூட்டு’ என்றே போடுகிறோம். அதையே கொஞ்சம் வேறு விதமாக எழுதிப் பார்த்தால் 11 எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும். பழைய வரிசையை எழுதி, அதையே ஓரிடம் வலப்பக்கம் தள்ளி அடியில் எழுதிக் கூட்டுங்கள்.

```
1  4  6  4  1
   1  4  6  4  1
-----------------
1  5 10 10  5  1
```

11-ஆல் பெருக்கும்போது செய்வதும் இதேதான்: மேலே இருப்பது 10 மடங்கு, கீழே இருப்பது 1 மடங்கு. ஒரே வித்தியாசம், முக்கோணத்தில் நாம் இடம் மாற்றிக் கொண்டுபோவதில்லை. 10 வந்தாலும் 10 என்றே விட்டுவிடுகிறோம். விட்டுவைத்த அந்த வேலையைக் கடைசியில் ஒருமுறை செய்தால் 11-இன் அடுக்கு வந்துவிடும்.

அதை வலது ஓரத்திலிருந்துதான் செய்ய வேண்டும். 1-ஐ எழுதுங்கள், 5-ஐ எழுதுங்கள். அடுத்த 10-க்கு 0 எழுதி, மனதில் 1. அடுத்த 10-ஓடு அந்த 1 சேர்ந்து 11. 1 எழுதி, மனதில் 1. அடுத்த 5, 6 ஆகிறது. கடைசியில் 1. விடை 161051.

ஆறாம் வரிசை 1 6 15 20 15 6 1. வலமிருந்து 1, 6. 15-க்கு 5 போக மனதில் 1. 20 இப்போது 21, 1 எழுதி மனதில் 2. இங்கேதான் பலர் கைப்பழக்கத்தில் 1-ஐயே கொண்டுபோவார்கள். 15-உடன் 2 சேர்ந்து 17, 7 எழுதி மனதில் 1, 6 என்பது 7, பிறகு 1. விடை 1771561.

வரிசையே தப்பாக இருந்தால் இதெல்லாம் வீண். அதனால் ஒவ்வொரு வரிசையையும் போட்டதும் கூட்டிப் பார்ப்பது நல்லது. மேலே உள்ள ஒவ்வொரு எண்ணும் கீழே இரண்டு இடத்தில் சேர்கிறது. ஆகவே கூட்டுத்தொகை வரிசைக்கு வரிசை இரட்டிக்கும்: 1, 2, 4, 8, 16, 32, 64. பாதியைப் போட்டுவிட்டு மறுபாதியைக் கண்ணாடிபோல் திருப்பி எழுதுகிறவர்கள் ஆறாம் வரிசையில் நடு எண்ணான 20-ஐ இருமுறை எழுதிவிடுவதுண்டு. அப்போது 64-க்குப் பதில் 84 வரும். 20 கூடுதல் என்றால் எது இருமுறை விழுந்தது என்பதும் தெரிந்துவிடும். 15-ஐ இரு பக்கமும் 14 என்று எழுதியிருந்தால் 62 வரும். திருத்தாமல் அடுத்த வரிசைக்குப் போனால், இந்த 2 குறை அங்கே 4 ஆகும்.

இந்தக் கூட்டுத்தொகையை இறுதி விடையிலும் எதிர்பார்க்கக் கூடாது. 161051-இன் இலக்கங்களைக் கூட்டினால் 32 வராது, 14தான் வரும். பிழை ஒன்றுமில்லை. ஓரிடத்தில் 10-ஐக் குறைத்துப் பக்கத்து இடத்தில் 1-ஐச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் கூட்டுத்தொகையில் 9 குறையும். ஐந்தாம் வரிசையில் மனதில் கொண்டுபோனது மொத்தம் 2, எனவே 18 குறைந்தது. ஆறாவதில் 1, 2, 1 என்று 4 போனதால் 36 குறைய வேண்டும். 64-இல் 36 போக 28. 1771561-இன் இலக்கங்களும் 28தான். அந்த 2-ஐ 1 என்று கொண்டுபோயிருந்தால் விடை 1761561 ஆகி, கூட்டுத்தொகை 27-இல் நிற்கும். வரிசையைக் கூட்டும்போது பிடிபடாத பிழை இங்கே பிடிபடும்.

மனதில் வைத்துக்கொள்ளும் வேலையே வேண்டாம் என்றால் 11-க்குப் பதில் 101-ஐ எடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு இலக்க இடம் கிடைக்கும்: 1 05 10 10 05 01, அதாவது 101-இன் ஐந்தாம் அடுக்கு 10510100501. 5-ஐ 05 என்று எழுத மறக்கக் கூடாது. எட்டாம் வரிசையின் பெரிய எண் 70 என்பதால் அதுவரை இது ஓடும். ஒன்பதாவதில் 126 வந்து மறுபடி இடம் போதாமல் போகும். அதற்கு 1001-க்குப் போக வேண்டியதுதான்.