கையில் கிடைக்கும் தரவிலிருந்து எம்.ஏ. ஆய்வேட்டுக்குத் தலைப்பு: கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை வைத்து ஒரு செயல்முறை

எம்.ஏ. பொருளியல் மாணவர்கள் முதலில் எழுதித் தரும் தலைப்பு பெரும்பாலும் 'தமிழ்நாட்டில் பெண்களின் வேலைவாய்ப்பு: ஓர் ஆய்வு' என்ற வகையில் இருக்கும். இதில் கேள்வியே இல்லை. அதே ஆர்வத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கினால், 'மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பெண்கள் வேலைக்கு வருவதைக் கூட்டியதா?' என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் தரவு இதற்குப் பதில் சொல்லுமா என்பதை வழிகாட்டியிடம் ஒப்புதல் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் தொடங்கிய பி.எல்.எஃப்.எஸ். என்ற தொழிலாளர் கணக்கெடுப்புதான் இங்கே முதல் தேர்வு. microdata.gov.in தளத்தில் பதிவு செய்தால், ஒவ்வொரு நபருக்கும் ஒரு வரி என்ற அளவில் தரவு கட்டணமின்றிக் கிடைக்கும். தலைப்பைப் பற்றி மேலும் யோசிக்கும் முன் ஒரு வேலையைச் செய்யுங்கள். அரசு வெளியிட்ட ஓர் எண்ணை அந்தக் கோப்பிலிருந்து நீங்களே கணக்கிட்டு எடுங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம், வழக்கமான நிலைப்படி, இந்தியா முழுமைக்கும் 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். ஸ்டேட்டாவில் முக்கியமான வரிகள் இவை (மாறிகளின் பெயரை உங்கள் ஆண்டின் லேஅவுட் கோப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்):

```
gen wt = MULT/(100*NO_QTR) if NSS==NSC
replace wt = MULT/(200*NO_QTR) if NSS!=NSC
gen lf = inrange(ps,11,51) | inrange(ss,11,51) | ps==81
mean lf [pw=wt] if sex==2 & age>=15
```

`ps` முதன்மை நிலை, `ss` துணை நிலை. 11 முதல் 51 வரை வேலையில் இருப்போர், 81 வேலை தேடுவோர். விடை 23.3-க்குப் பக்கத்தில் வராவிட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: எடையைப் போடவில்லை, துணை நிலையை விட்டுவிட்டீர்கள், அல்லது முதல் வருகைக் கோப்போடு மறுவருகைக் கோப்பையும் சேர்த்துவிட்டீர்கள். இந்தச் சுற்றுகளில் நகர்ப்புறக் குடும்பங்களை அடுத்தடுத்த காலாண்டுகளிலும் போய்ப் பார்த்ததால் அவை மறுவருகைக் கோப்பில் திரும்ப வரும். இந்த எண் ஒத்துவராமல் மேலே போகவே கூடாது. பின்னால் வரும் ஒவ்வொரு அட்டவணையும் இதே எடையின் மேல்தான் நிற்கிறது.

அடுத்தது காலம். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இந்தத் திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. மே 10 முதலே முழு ஊரடங்கு வந்துவிட்டதால், ஜூலை வாக்கில்தான் பெண்கள் அதை நிஜமாகப் பயன்படுத்த முடிந்தது. பி.எல்.எஃப்.எஸ். அப்போது ஜூலையிலிருந்து ஜூன் வரை ஓர் ஆண்டாக நடந்ததால், 2021-22 சுற்று திட்டத்துக்குப் பிந்தைய முதல் ஆண்டாகக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் மேலே எடுத்த அதே 'வழக்கமான நிலை'யை இந்தக் கேள்விக்குப் பயன்படுத்தக் கூடாது. அது கடந்த 365 நாட்களைக் கேட்கிறது. 2021 செப்டம்பரில் பதில் சொன்ன பெண்ணின் விடையில் பெரும்பகுதி திட்டத்துக்கு முந்தைய மாதங்கள்; ஊரடங்கும் அதற்குள் இருக்கிறது. கடந்த 7 நாட்களை மட்டும் கேட்கும் நடப்பு வார நிலையை எடுத்தால் இந்தக் கலப்பு இராது. சரியான எண்ணைத் தந்த மாறியே சரியான மாறி என்று நினைத்து இங்கே தவறுவது எளிது.

ஒப்பீட்டுக்கு எந்த மாநிலங்கள்? டெல்லி 2019-லும் பஞ்சாப் 2021 ஏப்ரலிலும் இதே போன்ற திட்டத்தைத் தொடங்கிவிட்டன, இரண்டையும் விலக்குங்கள். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11, தெலங்கானாவில் 2023 டிசம்பர், ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட். ஆகவே 2022-23 சுற்றோடு நிறுத்திக்கொண்டால் கேரளம் உட்பட மற்ற நான்கு தென் மாநிலங்களும் ஏறத்தாழ முழுமையாக ஒப்பீட்டுக்குக் கிடைக்கும். 2023-24-ஐ ஆசைப்பட்டுச் சேர்த்தால் கர்நாடகமும் தெலங்கானாவும் கெட்டுவிடும். தமிழகக் கிராமங்களை ஒப்பீடாக வைக்க வேண்டாம். நகரப் பேருந்துகள் சுற்றுக் கிராமங்களுக்கும் போகின்றன. எந்தக் கிராமம் நகரத்துக்கு எவ்வளவு தூரம் என்பது தரவில் இல்லை. மாவட்டக் குறியீடு கோப்பில் இருக்கிறதே என்று மாவட்டவாரியாக இறங்குவதும் ஆபத்து. இந்தச் சுற்றுகளின் மாதிரி மாவட்ட மதிப்பீட்டுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல.

திட்டத்துக்கு முந்தைய காலம் பார்வைக்கு நான்கு சுற்றுகள். அவற்றில் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டையும் 2021-இன் அதே காலாண்டையும் நீக்கியே ஆக வேண்டும். கொரோனாவின் அடி எல்லா மாநிலங்களிலும் ஒரே அளவில் விழவில்லை என்பதால், நடுவில் இருக்கும் காலாண்டுகளையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். முழுத் தெளிவான முன்காலம் 2017-18, 2018-19 இரண்டே என்று ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள். திட்டத்துக்கு முன்-பின், தமிழகம்-பிற மாநிலங்கள் என்ற இரண்டு வேறுபாடுகளோடு அதே மாநிலத்து நகர்ப்புற ஆண்களை மூன்றாவது வேறுபாடாகச் சேர்த்தால், மாநிலத்தின் பொதுவான பொருளாதார மீட்சியை ஓரளவு கழித்துவிடலாம்.

இப்போது, பலரும் விட்டுவிடும் ஒரு கணக்கு. விளைவு இருந்தால் அது இந்தத் தரவில் தெரியுமா? தமிழக நகர்ப்புறத்தில் உங்கள் வயது வரம்புக்குள் வரும் பெண்களை எடையின்றி எண்ணுங்கள். ஒரு சுற்றில் 3,000 பேர், விகிதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்ட் எரர் எனப்படும் எளிய திட்டப்பிழை √(0.3×0.7/3000), அதாவது சுமார் 0.84 சதவீதப் புள்ளி. குடும்பங்களைக் கொத்துக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் மாறுபாட்டை இரண்டு மடங்காக வைத்தால் 1.18. முன் ஒரு சுற்று, பின் ஒரு சுற்று என்ற வித்தியாசத்துக்கு 1.67. வழக்கமான 5 சதவீத முக்கியத்துவத்திலும் 80 சதவீதத் திறனிலும் கண்டுபிடிக்க இதை 2.8-ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 4.7 புள்ளி. ஒப்பீட்டு மாநிலங்களின் பிழையும் சேர்ந்தால் இன்னும் கூடும். முன்னும் பின்னும் சுற்றுகளைச் சேர்த்தால் சற்றுக் குறையும். உண்மை விளைவு ஒன்றிரண்டு புள்ளிதான் என்றால், இந்தத் தலைப்பில் 'விளைவில்லை' என்ற முடிவு எதையும் நிரூபிக்காது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. திட்டம் வந்தது ஒரே மாநிலத்தில். மாநில அளவில் கொத்தாக்கிய திட்டப்பிழையை மென்பொருள் தாராளமாகத் தரும். ஒரே ஒரு மாநிலம் மட்டும் மாறியிருக்கும்போது அது நம்பத் தகாத அளவுக்குச் சிறியதாக இருக்கும். பதிலாக, மற்ற ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதே தேதியில் திட்டம் வந்ததாகப் பொய்யாக வைத்து மதிப்பிட்டு, தமிழகத்தின் எண் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மற்ற நான்கு தென் மாநிலங்களோடு மட்டும் செய்தால் மிகக் குறைந்த பி-மதிப்பு ஐந்தில் ஒன்று, 0.2. 0.05-ஐத் தொடவே தமிழகத்தோடு சேர்த்து 20 மாநிலங்கள் வேண்டும்.

இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் கேள்வியை வேறு தரவுக்கு நகர்த்தலாம். செலவுக் கணக்கெடுப்பில் பேருந்துக் கட்டணம் இருக்கிறது. ஆனால் 2022-23, 2023-24 இரண்டும் திட்டத்துக்குப் பிந்தையவை, அதற்கு முன் கையில் கிடைப்பது 2011-12. பத்தாண்டு இடைவெளியில் எதை வேண்டுமானாலும் காரணம் சொல்லலாம். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைவிடப் பொருத்தம். 2019-இல் ஒன்று, 2024-இல் ஒன்று; வேலைக்காகப் பயணம் செய்த நேரம் தனிக் குறியீடாகவே பதிவாகியிருக்கிறது. 2024-க்குள் கர்நாடகமும் தெலங்கானாவும் திட்டத்துக்குள் வந்துவிட்டதால், அங்கே ஒப்பீட்டுக்குக் கேரளத்தையும் ஆந்திரத்தையும் வையுங்கள். அப்போது தலைப்பு இப்படி அமையும்: 'கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் நகர்ப்புறப் பெண்களின் வேலைப் பயண நேரமும்: தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், 2019-2024'.