பேச்சின் மேல் பேச்சு: ஒரு ரியாக்‌ஷன் வீடியோவின் எடிட்டிங் குறிப்புகள்

ஜூன் 3

மேடைப்பேச்சுப் பயிற்சி தரும் அக்கா ஒருவருக்காக இந்த வேலை. மாணவர் ஒருவரின் பன்னிரண்டு நிமிடப் பேச்சைப் பார்த்துக்கொண்டே அவர் கருத்துச் சொல்வார். பேச்சு பெரிதாக ஓடும், மூலையில் சின்னக் கட்டத்தில் அக்காவின் முகம்.

ரியாக்‌ஷன் வீடியோக்களில் இதுதான் கஷ்டமான வகை. பாட்டுக்கோ விளையாட்டுக்கோ எதிர்வினை என்றால் பின்னணியை இறக்கிவிட்டு மேலே பேசிவிடலாம். இங்கே இரண்டு பக்கமும் மனிதக் குரல். இரண்டுக்கும் ஒரே அலைவரிசைப் பட்டைதான், காதும் இரண்டிலும் சொற்களைத்தான் தேடும். கூடவே கேட்டால் இரண்டும் புரியாது.

ஜூன் 4

பதிவு முடிந்தது. அக்காவைக் கட்டாயம் ஹெட்போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் ஓடவிட்டால் மாணவரின் குரல் அக்காவின் மைக்கிலும் ஏறிவிடும். பிறகு மூல ஆடியோவோடு சேர்க்கும்போது ஒரே குரல் சில மில்லி விநாடி இடைவெளியில் இருமுறை கேட்கும், குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். எடிட்டிங்கில் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வழி இல்லை.

இன்னொரு ஏற்பாடு, பேச்சு ஓடும் லேப்டாப்பின் திரையையும் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் பதிவு செய்தது. அக்கா எங்கே நிறுத்தினார், எங்கே மறுபடி ஓடவிட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். Advanced Audio Properties-இல் மைக்கை 1-ஆம் ட்ராக்கிலும் லேப்டாப்பின் ஒலியை 2-இலும் தனித்தனியாக விட்டேன். பதிவு அமைப்பிலும் இரண்டு ட்ராக்கையும் டிக் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுதான் கோப்பில் வரும். முகத்தை எடுத்தது போன் கேமரா. தொடக்கத்தில் அக்கா ஒருமுறை கைதட்டினார், அதை வைத்துப் போனையும் மைக்கையும் பொருத்தியாகிவிட்டது. திரைப்பதிவு எனக்கு வழிகாட்டி மட்டும், இறுதி வீடியோவில் மாணவரின் அசல் கோப்புதான் இருக்கும்.

உட்காரும் திசையும் முக்கியம். முகக் கட்டம் மேல் வலது மூலைக்குப் போகிறது, எனவே அக்காவின் பார்வை திரையின் இடப்பக்கம் இருக்கும் மேடையை நோக்க வேண்டும். அதற்காகக் கேமராவுக்கு அருகே, அவரது வலது கைப் பக்கமாக லேப்டாப்பை வைத்தோம். மாற்றி வைத்தால் அவர் வீடியோவுக்கு வெளியே எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் தெரியும்.

ஜூன் 6

இன்று முழுக்க அமைப்பு வேலை. 1920×1080 திரையைச் சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 960 அகலம். அகலத் திரையில் எடுத்த மேடைக் காட்சியை வெட்டாமல் அதில் வைத்தால் 960×540-ஆகச் சுருங்கி, முழுத்திரையில் கால் பங்குதான் மிஞ்சும். மாணவரின் கையசைவைப் பற்றித்தான் அக்கா பாதி நேரம் பேசுகிறார், அந்தக் கை கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன பயன்?

கடைசியில் இரண்டு அமைப்புகளை வைத்துக்கொண்டேன். பேச்சு ஓடும்போது மேடை முழுத்திரையில், முகம் மேல் மூலையில் 400×400 சதுரமாக. கீழே வேண்டாம், அங்கே வசன வரிகளும் பிளேயரின் பட்டையும் வரும். அக்கா நிறுத்திவிட்டுப் பேசும்போது மேடைக்கு 1280×720, பக்கத்தில் முகத்துக்கு 640×720. முகம் நடுவில்தான் இருக்கிறது என்பதால் இரு ஓரங்களையும் வெட்டினாலும் நஷ்டமில்லை. இரண்டையும் உயரத்தில் நடுவில் வைத்ததால் கீழே மிஞ்சும் 180 பிக்சல் வசன வரிகளுக்குச் சரியாக இருக்கிறது.

ஜூன் 7

ஒலி. இரண்டு குரல்களையும் முதலில் ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியால் அளந்தேன்:

```
ffmpeg -i pechu.wav -af ebur128 -f null -
```

கடைசியில் வரும் `I:` மதிப்புதான் சராசரி உரப்பு. உரப்பை அளக்கும் LUFS அலகில் மாணவரின் கோப்பு முழுவதற்கும் -21 வந்தது, காதுக்கோ அதைவிட மெல்லியதாகக் கேட்டது. காரணம் கைதட்டல். இந்த அளவீடு மௌனத்தைத் தானே ஒதுக்கிவிடும், உரத்த சத்தத்தை ஒதுக்காது. கைதட்டல்களை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் அளந்தால் -24. அக்காவின் குரல் -17.

இரண்டையும் -16-க்குக் கொண்டுவந்தேன், மாணவருக்கு 8 டெசிபல், அக்காவுக்கு 1. கைதட்டல் மட்டும் உச்சத்தை மீறியது, அந்த இடங்களில் கையால் இறக்கினேன். எண்கள் சமமான பிறகும் மாணவர் சற்றுத் தள்ளி நிற்பதுபோலவே கேட்டது. அரங்கத்தின் எதிரொலி குரலைப் பின்னால் தள்ளுகிறது. அவருக்கு இன்னும் ஒன்றரை டெசிபல் கொடுத்ததும் சரியானது. அந்தக் கடைசிக் கட்டத்தில் மீட்டரைவிடக் காதைத்தான் நம்புவேன்.

ஜூன் 8

அக்காவோடு ஒரு சின்ன வாக்குவாதம். "அடிக்கடி நிறுத்தினா பேச்சோட ஓட்டமே போயிடும்டா. அவன் சத்தத்தைக் குறைச்சு விடு, நான் மேல பேசுறது கேட்டாப் போதும்" என்றார். வாயால் விளக்குவதைவிடக் கேட்கவைப்பது நல்லது என்று, ஒரு பகுதிக்கு டக்கிங் போட்டுக் காட்டினேன். அக்காவின் குரல் வந்தால் மாணவரின் குரல் தானாக இறங்கும்:

```
ffmpeg -i pechu.wav -i kural.wav -filter_complex \
"[1:a]asplit[k][s];[0:a][s]sidechaincompress=threshold=0.03:ratio=4:attack=20:release=500[p];[p][k]amix=normalize=0" out.wav
```

`threshold` என்பது இறக்கம் தொடங்கும் வாசல், 0.03 என்பது ஏறக்குறைய -30 டெசிபல். அக்காவின் குரல் -18 வாக்கில் இருக்கும்போது வாசலை 12 டெசிபல் தாண்டுகிறது. 4-க்கு 1 விகிதத்தில் மாணவரின் குரல் சுமார் 9 டெசிபல் இறங்கும். `normalize=0` இல்லாவிட்டால் `amix` இரண்டு குரல்களையும் பாதியாக்கிவிடும்.

கேட்டுப் பார்த்த அக்கா முதல் நிமிடத்திலேயே புரிந்துகொண்டார். 9 டெசிபல் இறங்கியும் மாணவரின் சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தன, கவனம் இரண்டு பக்கமும் இழுபட்டது. 20 டெசிபல் இறக்கினால் அந்த இழுபறி தீரும், ஆனால் அந்த நேரத்தில் மாணவர் சொன்னது மொத்தமும் போய்விடும். அதற்கு நிறுத்துவதே மேல்.

ஆக, "சபாஷ்", "இதோ, இந்த இடம்" மாதிரி ஒரு விநாடிக் குறுக்கீடுகளுக்கு மட்டும் டக்கிங். ஒரு முழு வாக்கியம் சொல்கிறார் என்றால் பேச்சு நிற்க வேண்டும். சொற்கள் இல்லாத சிரிப்புக்கு எதையும் இறக்கவே வேண்டாம், அது மாணவரின் சொற்களை அவ்வளவாக மறைப்பதில்லை.

அக்காவின் குரல் நின்றதும் மாணவரின் ஒலி மேலே திரும்ப எடுக்கும் மில்லி விநாடிகளான `release` அளவையும் 150-க்கு மாற்றிப் பார்த்தேன். அக்காவின் சொற்களுக்கு நடுவே அரங்கத்தின் இரைச்சல் மேலே வந்து வந்து போனது, மூச்சு வாங்குவதுபோல. 500-இல் அது அடங்கிவிட்டது.

ஜூன் 10

நிறுத்தங்களைச் செதுக்கும் வேலை. அக்கா பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவில்தான் நிறுத்தியிருக்கிறார். நேரில் பரவாயில்லை, பார்ப்பவருக்குத் திடீரென அறுந்ததுபோல் இருக்கும். எனவே மாணவரின் வாக்கியத்தை முடியவிட்டு, அதன் பிறகு படத்தை உறையவைக்கிறேன். அக்காவின் முகமும் குரலும் சேர்ந்தே ஒரு விநாடி பின்னால் நகர்கின்றன, அதனால் உதட்டசைவு கெடாது. நகர்த்தியதால் வரும் இடைவெளிக்கு அவர் அமைதியாகக் கேட்கும் வேறு ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளலாம்.

உறைந்த படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினேன், இல்லாவிட்டால் வீடியோ சிக்கிக்கொண்டது என்று நினைப்பார்கள். மறுபடி ஓடும்போது நிறுத்திய வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்தே ஓடவிடுகிறேன். அக்கா பயந்த அந்த ஓட்டம் பெருமளவு இதிலேயே திரும்பி வந்துவிட்டது. கருத்தைக் கேட்ட பிறகு அதே வரியை மறுபடி கேட்கும்போது, அவர் சுட்டிய தவறு பளிச்சென்று தெரிகிறது.

ஜூன் 11

கடைசிச் சோதனை, போனின் ஸ்பீக்கரில், ஒலியைப் பாதிக்கும் கீழே வைத்து. ஒரு குரலை இடது காதுக்கும் மற்றதை வலதுக்கும் பிரிக்கும் யோசனையை இங்கேதான் கைவிட்டேன். ஒற்றை ஸ்பீக்கரில் அந்தப் பிரிவு காணாமல் போகும், ஹெட்போனில் பன்னிரண்டு நிமிடம் கேட்டால் சலிப்பூட்டும். இரண்டு குரலும் நடுவிலேயே.

ஓரிடத்தில் மட்டும், மாணவர் தாழ்ந்த குரலில் கேள்வி கேட்கும் பகுதியில், அக்காவின் "ம்ம்" அதை மூடியது. அங்கே டக்கிங் வேண்டாம் என்று அக்காவின் ட்ராக்கையே 10 டெசிபல் இறக்கினேன். அவர் தலையாட்டுவது கட்டத்தில் தெரிகிறது, போதும். மொத்தக் கலவையை -14 LUFS-க்கு ஏற்றி, உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல் லிமிட்டர் போட்டு, கோப்பை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.