ஸ்கிரீன்ஷாட்டில் கிடக்கும் ரெஸ்யூமே வரிகளைத் திருத்தி எழுதுவது எப்படி?

மூலக் கோப்பு கைவசம் இல்லை, ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் என்றால் முதலில் அந்த வரிகளை எழுத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும். போனில் இருக்கும் எழுத்தெடுக்கும் வசதியே இதற்குப் போதும். ஆனால் எண்களைப் படத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும். 1 எல் எழுத்தாகவும், 0 ஓ எழுத்தாகவும் மாறிவிடும். % குறி சில சமயம் 96 என்று விழும். அப்போது 15% என்பது 1596 ஆகிவிடும். இரண்டு பத்திகளாக அமைந்த ரெஸ்யூமே என்றால், இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரலாம். அதனால் பத்தி பத்தியாக வெட்டி எடுப்பதே நல்லது. படத்தை வேறு யாரிடமாவது காட்டிக் கருத்துக் கேட்பதாக இருந்தால், போன் எண்ணையும் முகவரியையும் முதலில் வெட்டிவிடுங்கள்.

இனி வரிகள். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்த ஒருவரின் ரெஸ்யூமேயில் இப்படி மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

- வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பொறுப்பு
- வாராந்திர அறிக்கை தயாரிப்பதில் உதவி
- புதியவர்களுக்குப் பயிற்சி

மூன்றிலும் வேலையின் பெயர் இருக்கிறது, செய்த செயல் இல்லை. "பொறுப்பு", "உதவி" என்ற சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கை உண்மையில் என்ன செய்தது என்று கேட்க வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: "உதவி"யை எடுத்துவிட்டு "தலைமை தாங்கினேன்" என்று போட்டுவிடுவார்கள். நேர்காணலில் "குழுவில் எத்தனை பேர், யார் உங்களிடம் வேலை ஒப்படைத்தார்கள்?" என்று கேட்டால் அது நிற்காது. பெரிய வினையைவிடத் துல்லியமான வினைதான் வலுவானது.

இரண்டாவது வரியை எடுப்போம். விசாரித்தால் தெரிவது இது: ஐந்து பேரின் தாள்களை ஒவ்வொரு வாரமும் கையால் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்; இவர் தானாகவே தொகுக்கும் ஒரு எக்செல் கோப்பை அமைத்தார்; 4 மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அப்படியானால் வரி இது:

"ஐந்து பேரின் தாள்களைத் தானாகத் தொகுக்கும் எக்செல் கோப்பை வடிவமைத்து, வாராந்திர அறிக்கைக்கான நேரத்தை 4 மணியிலிருந்து ஒன்றரை மணியாகக் குறைத்தேன்."

இதை "62.5% குறைத்தேன்" என்றும் எழுதலாம், கணக்கும் சரிதான். ஆனால் இவ்வளவு சிறிய எண்களுக்குச் சதவீதம் போட்டால் ஊதிக் காட்டுவது போல் தெரியும். மணிக்கணக்கையே அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வரியில் முன்பு-பின்பு என்று ஒப்பிட ஏதுமில்லை. அப்போது அளவே போதும். புகார் பதிவு மென்பொருளில் நான்கு வாரங்களுக்கான எண்ணிக்கையை எடுங்கள். 812 புகார்கள், 20 வேலை நாட்கள் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 40. சற்று நில்லுங்கள்: இந்த 812 இவரிடம் வந்தவையா, இவர் முடித்தவையா? முடித்தவை 690 என்றால் நாளுக்கு 34 என்பதுதான் எழுதத்தக்க எண். "நாளொன்றுக்குச் சராசரியாக 34 புகார்களை விசாரித்துத் தீர்த்தேன்." பழைய நிறுவனத்தின் பதிவுகள் இப்போது கைக்கு எட்டாது என்றால், நினைவிலிருந்து "30-க்கும் மேல்" என்று குறைந்தபட்சத்தைச் சொல்லலாம், 34 என்று துல்லியம் காட்டக் கூடாது.

மூன்றாவது வரிதான் சிக்கலானது. ஆறு பேருக்குப் பயிற்சி கொடுத்தார், அவர்கள் தனியாகப் புகார்களைக் கையாளத் தொடங்கும் காலம் 3 வாரத்திலிருந்து 2 வாரமாகக் குறைந்தது. ஆனால் அதே மாதத்தில் எளிமையான புதிய மென்பொருளும் வந்திருந்தால், அந்த ஒரு வாரம் யாரால் மிச்சமானது? பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சூழலில் "6 புதியவர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி அளித்துத் தனியாகப் பணிபுரியத் தயார்படுத்தினேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

சதவீதத்தில் இன்னொரு பொறி உண்டு. வாடிக்கையாளர் திருப்தி 80%-லிருந்து 88% ஆனால் அது 8 சதவீதப் புள்ளி உயர்வு. 8% உயர்வு அல்ல. இரண்டு எண்களையும் அப்படியே எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

ஆங்கில ரெஸ்யூமே என்றால் வினை வரியின் முதலில் நிற்க வேண்டும், "நான்" தேவையில்லை. முடிந்த வேலைக்கு இறந்தகாலம், இப்போதைய வேலைக்கு நிகழ்காலம். ஒரு வரி இரண்டு வரிசைகளைத் தாண்டினால் அதில் இரண்டு சாதனைகள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள், பிரித்துவிடுங்கள். எழுதி முடித்ததைப் படத்தின் மேல் ஒட்டாமல் புதிய வேர்ட் கோப்பில் தட்டச்சு செய்யுங்கள். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்கள் எழுத்தைத் தேடுகின்றன. படமாக இருக்கும் ரெஸ்யூமே பலவற்றுக்கு வெற்றுத் தாள்தான். பிடிஎஃப் ஆக்கிய பின் ஒரு சொல்லைச் சுட்டியால் தெரிவுசெய்து பாருங்கள். தெரிவாகவில்லை என்றால் கோப்பு இன்னும் படமாகத்தான் இருக்கிறது.