பேரேடு இல்லாத கடைக்கு இலாபம் கண்டுபிடிப்பது: பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் எழுதி முடித்தவரின் குறிப்பு

ரிசல்ட் வந்துவிட்டது, கணக்குப்பதிவியலில் நினைத்ததைவிட நல்ல மார்க். நிம்மதியாக இருக்கிறது. ஜூனியர்கள் அதிகம் கேட்பது முதல் பாடத்தைப் பற்றி, அதாவது முழுமை பெறா பதிவேடுகள். அதில், இரண்டு தேதிகளில் கடையின் சொத்தையும் கடனையும் பட்டியலிட்டு இலாபம் கண்டுபிடிக்கும் நிலை அறிக்கை முறை பற்றி மட்டும் எழுதுகிறேன். படிவம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கு மனப்பாடம் வராது, காரணம் புரிந்தால்தான் நிற்கும். அதனால் சூத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, எங்கள் மாமாவின் மளிகைக்கடையை மனதில் வைத்துத்தான் படித்தேன். அங்கே பேரேடு கிடையாது. கடன் எழுதும் ஒரு நோட்டும் கம்பியில் குத்திய ரசீதுகளும்தான். அப்படிப்பட்ட ஒரு கடைக்கு நானே எண்கள் போட்டுப் பார்த்த கணக்கு இது.

1.4.2023 அன்று கல்லாவில் ரொக்கம் 8,000, சரக்கிருப்பு 60,000, வரவேண்டிய கடன் 22,000, அலமாரி, தராசு வகையறா 30,000. மொத்தம் 1,20,000. மொத்த வியாபாரிக்குத் தரவேண்டியது 35,000. மீதி 85,000 கடையில் முதலாளியின் சொந்தப் பங்கு, அதுதான் தொடக்க முதல்.

31.3.2024 அன்று ரொக்கம் 6,000, சரக்கிருப்பு 82,000. கடனாளிகள் 31,000, அதில் 2,000 இனி வராது, ஆக 29,000. அலமாரி, தராசு வகையறாவுக்கு 10% தேய்மானம் போக 27,000. மொத்தம் 1,44,000. கடனீந்தோர் 44,000, கொடுபடவேண்டிய வாடகை 3,000. இவை போக இறுதி முதல் 97,000.

தேய்மானத்தையும் வாராக்கடனையும் நிலை அறிக்கையிலேயே கழித்துவிட்டதால், இலாப நட்ட அறிக்கையில் மறுபடி கழிக்கக் கூடாது. ஏதாவது ஓர் இடத்தில் மட்டும்தான்.

முதல் 12,000 கூடியிருக்கிறது. இதுதான் இலாபம் என்று எழுதிவிடத் தோன்றும். இங்கேதான் நிற்க வேண்டும். முதல் கூடவும் குறையவும் வியாபாரம் மட்டும் காரணம் இல்லை, முதலாளியின் கையும் காரணம். வருடத்தில் அவர் கடையிலிருந்து என்ன எடுத்தார், வெளியிலிருந்து என்ன போட்டார் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை இந்தப் பாடம் முழுக்க இந்த இரண்டு கேள்விதான்.

இந்தக் கடைக்காரர் வீட்டுச் செலவுக்கு மாதம் 4,000 எடுத்தார், வருடத்துக்கு 48,000. அடக்கவிலையில் 9,000 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வீட்டுக்குப் போனது. ஆக எடுப்புகள் 57,000. மனைவியின் நகையை விற்று 20,000 கடையில் போட்டார். அது கூடுதல் முதல்.

97,000 + 57,000 − 20,000 − 85,000 = 49,000. இதுதான் இலாபம்.

எடுப்புகளைக் கூட்டாமல் விட்டால் இதே கடை 8,000 நட்டத்தில் நிற்கும். ஒரு குடும்பமே இந்தக் கடையை வைத்துத்தான் சாப்பிட்டது, அப்படியிருக்க நட்டம் எப்படி வரும்? கூடுதல் முதலைக் கழிக்காமல் விட்டால் இலாபம் 69,000 ஆகிவிடும், நகையை விற்ற பணமும் சம்பாத்தியக் கணக்கில் சேர்ந்துவிடும். விடை எழுதியதும் இப்படி ஒருமுறை கடைக்காரரின் வாழ்க்கையோடு ஒட்டிப் பாருங்கள்.

எடுப்புகள் வினாவில் எப்போதும் எடுப்புகள் என்ற பெயரிலேயே வராது. நான் தேடியவை:

- கடைப் பணத்தில் கட்டிய பிள்ளையின் பள்ளிக் கட்டணம், சொந்த ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம்: எடுப்புகள்.
- வீட்டுக்கு எடுத்த சரக்கு: அடக்கவிலையில், விற்பனை விலையில் அல்ல.
- கடைக்காக நண்பரிடம் வாங்கிய கடன்: கூடுதல் முதல் இல்லை, பொறுப்பு.
- சொந்தச் செலவுக்காக வாங்கிய கடன்: நிலை அறிக்கைக்குள் வரவே வராது.

தொடக்க முதலையோ எடுப்புகளையோ கண்டுபிடிக்கச் சொன்னாலும் பயம் வேண்டாம். அதே சமன்பாட்டில் தெரியாததை ஒரு பக்கம் நிறுத்தினால் போதும்.

வினாத்தாளில் சரக்கிருப்பின் மதிப்பைக் கொடுத்துவிடுவார்கள். நிஜக் கடையில் அதுதான் பெரிய சிக்கல். கடைக்காரர் தட்டில் இருப்பதை விற்கும் விலையில் சொல்வார். 82,000 என்பதை 90,000 என்று சொன்னால் இலாபம் அப்படியே 8,000 ஏறி 57,000 ஆகும், தடுக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த 90,000 அடுத்த வருடத்தின் தொடக்க இருப்பாகப் போய் நிற்கும், அப்போது அதே 8,000 இலாபத்திலிருந்து குறையும். இரட்டைப் பதிவு முறை இல்லாததால், பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வும் கிடையாது. விற்பனை எவ்வளவு, கொள்முதல் எவ்வளவு, எங்கே பணம் ஒழுகியது என்று இந்த அறிக்கை சொல்லாது. 49,000 என்ற ஒற்றை எண் மட்டுமே கிடைக்கும், அதுவும் இரண்டு தேதிகளிலும் சரக்கை எண்ணியவர் சரியாக எண்ணியிருந்தால்.